விளக்கு புகைகிறதா, படபடக்கிறதா, மங்குகிறதா? எண்ணெயை மாற்றுவதற்கு முன் திரியைப் பாருங்கள்

சொந்தக்காரர்கள் வீட்டில் விளக்கு சரியாக எரியவில்லை என்றால் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. பூஜை அறைக் கூரையில் கரி, நெய்விளக்கு பத்து நிமிடத்தில் அணைகிறது, அரிக்கேன் கண்ணாடி ஒரே ராத்திரியில் கறுத்துவிட்டது, இப்படி ஏதாவது ஒன்று. போனவுடன் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "எண்ணெய் சரியில்லை." நான் பார்த்த வரையில் பத்தில் ஏழெட்டு வீட்டில் எண்ணெய் மேல் ஒரு தப்பும் இல்லை. திரி தடிமனாக இருக்கும், அல்லது நீளமாக வெளியே நிற்கும், அல்லது அந்த எண்ணெய்க்கு அந்த விளக்கே பொருந்தாததாக இருக்கும்.

அதனால் கீழே உங்கள் வீட்டுத் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காசே செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன், செலவு வைப்பதைக் கடைசியில். கையில் ஒரு கத்தரிக்கோல், ஓர் ஈர்க்குச்சி, ஒரு வெள்ளைப் பீங்கான் சாஸர் இருந்தால் போதும்.

## சுடர் நுனியில் புகை வருகிறது, சுவரிலும் கூரையிலும் கரி படிகிறது

முதலில் உண்மையிலேயே கரி எவ்வளவு வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாஸரைக் கவிழ்த்து, சுடர் நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் பிடியுங்கள். விரலால் தேய்த்தால் லேசாகச் சாம்பல் நிறம் ஒட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை. மை போல ஒட்டினால் கீழே உள்ளதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாஸரைச் சுடருக்குள்ளேயே நீட்டிவிடாதீர்கள், அப்படி நீட்டினால் எந்த விளக்கும் கரி விடும். பாட்டிமார் கண்மைக்குக் கரி எடுத்தது அப்படித்தான்.

### திரி எவ்வளவு வெளியே நிற்கிறது?

நல்லெண்ணெய் விளக்கில் திரி முகத்துக்கு வெளியே ஓர் அரிசி நீளம் நின்றால் போதும். நெல்மணி நீளம் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் சுடர் உயரும், நுனி கூர்மையை இழந்து மேலே பிரிந்து ஆடும், அந்தப் பிரியும் இடத்திலிருந்துதான் கறுப்பு நூல் மாதிரி புகை கிளம்பும். ஈர்க்குச்சியால் திரியைப் பின்னால் தள்ளுங்கள். நுனி கருகிப் பூத்திருந்தால் விளக்கைக் குளிரவைத்து, கரியை மட்டும் கத்தரித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். பாதிக்கு மேல் தொல்லை இங்கேயே முடிந்துவிடும்.

### திரி எவ்வளவு தடிமன்?

ஊதுவத்தியின் மருந்துப் பகுதி எவ்வளவு தடிமனோ, வீட்டு விளக்குத் திரி அவ்வளவுதான் இருக்கவேண்டும். "நல்லா பிரகாசமா எரியட்டும்" என்று நாலைந்து திரியைச் சேர்த்து முறுக்குவதுதான் கூரையைக் கறுப்பாக்குகிறது. இரட்டைத் திரி போடும் வழக்கம் உள்ளவர்கள் மெல்லிய திரி இரண்டை எடுத்துத் தளர்வாக முறுக்குங்கள், இரண்டும் சேர்ந்து ஊதுவத்தித் தடிமன் வந்தால் போதும். வெளிச்சம் அதிகம் வேண்டுமென்றால் இன்னொரு முகம் ஏற்றுங்கள். ஒரு முகத்தைப் பெரிதாக்காதீர்கள்.

### திரி பஞ்சுதானா?

கடையில் வாங்கும் நூல்திரியில் பாலியெஸ்டர் கலந்திருப்பதைப் பல தடவை பார்த்துவிட்டேன். எண்ணெயில் நனைக்காத ஒரு துண்டைக் கிடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பஞ்சு என்றால் காகிதம் எரிகிற வாசனை, மிஞ்சுவது தொட்டால் உதிரும் சாம்பல். கலப்படம் என்றால் நெருப்பைக் கண்டதும் சுருங்கி, உருகி, ஆறினபின் கல் மாதிரி ஒரு மணி மிஞ்சும். அந்த உருகல்தான் விளக்கில் திரி நுனியை அடைத்துக் கரும்புகை விடுகிறது. வேட்டி, பழைய பருத்திப் புடவை இவற்றிலிருந்து கிழித்த திரி இதைவிட எவ்வளவோ மேல்.

### கரி விளக்கிலிருந்துதான் வருகிறதா?

இதை யாரும் யோசிப்பதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் என் சித்தி வீட்டில் மர பூஜை அலமாரி. மேல்தட்டின் அடியில் கை அகலத்துக்குக் கறுப்பு. சித்தி ஏற்கெனவே மூன்று முறை எண்ணெய் மாற்றியிருந்தார்: பாட்டில் தீப எண்ணெய், அப்புறம் கடை நல்லெண்ணெய், அப்புறம் விலை கொடுத்துச் செக்கு எண்ணெய்.

"இனிமே நெய்தான் ஊத்தணுமாடா? தினம் நெய்க்கு எங்க போறது?" என்றார்.

"இருங்க சித்தி, நாலு நாள் நான் சொல்றபடி ஏத்துங்க, அப்புறம் பாப்போம்" என்றேன்.

மேல்தட்டின் அடியில் வெள்ளைத் தாள் ஒட்டினோம். முதல் நாள் அவர் வழக்கப்படியே ஏற்றினார்: மூன்று திரி சேர்த்து முறுக்கியது, அரை விரல் நீளம் வெளியே. சாயங்காலம் தாளில் தெளிவாகக் கறுப்பு வட்டம். இரண்டாம் நாள் அதே எண்ணெய், ஒற்றை மெல்லிய திரி, அரிசி நீளம். தாளில் மங்கலான ஒரு நிழல் மட்டும். ஆனால் வட்டத்துக்கு வலப்பக்கம் தள்ளி இன்னொரு கறுப்புத் திட்டு இருந்தது. அது ஆரத்திக் கற்பூரம். மூன்றாம் நாள் கற்பூரத்தை மட்டும் அலமாரிக்கு வெளியே காட்டச் சொன்னேன், அந்தத் திட்டு வரவேயில்லை. நாலாம் நாள் பழைய தீப எண்ணெயையே ஒற்றைத் திரியில் ஏற்றிப் பார்த்தோம். செக்கு எண்ணெயைவிடக் கொஞ்சம் கூடுதல் நிழல், அவ்வளவுதான். ஆக மொத்தக் கரியில் பெரும்பங்கு திரியாலும் கற்பூரத்தாலும் வந்தது, எண்ணெய்க்குக் கடைசி இடம். கற்பூரம் எரியும்போது கரும்புகை அதிகம் வரும், அதை எப்போதும் திறந்த இடத்தில் காட்டுங்கள்.

### இதெல்லாம் சரி, இன்னும் கரி வருகிறது

இப்போது எண்ணெய்க்கு வரலாம். ஒரே மாதிரி அகல், ஒரே மாதிரி பஞ்சுத்திரி வைத்து சாஸர் சோதனை செய்தால் நெய் மிகக் குறைவாகக் கரி விடும், நல்லெண்ணெய் அதைவிடச் சற்றே கூடுதல். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுவரில் தெரிய மாதக்கணக்காகும், அதற்காக நெய்க்கு மாறத் தேவையில்லை. கண்ணாடி இல்லாத மண்ணெண்ணெய் விளக்கின் கதை வேறு. சாஸரில் விரலால் எழுதலாம், அவ்வளவு கறுப்பு. திறந்த திரி விளக்குகளில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் அப்படியே கரியாக மாறுவதாக 2012-இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. 100 கிராம் எரித்தால் 7 முதல் 9 கிராம் கரி வீட்டுக்குள் பறக்கிறது. சிம்னி விளக்கு, காடா விளக்கு இவற்றில் திரியைக் குறைத்தால் புகை கொஞ்சம் குறையும், நிற்காது. அதற்குத் தீர்வு கண்ணாடி போட்ட விளக்குக்கு மாறுவதுதான்.

அலமாரிக்குள் விளக்கு வைப்பவர்கள் சுடருக்கு மேல் குறைந்தது இரண்டு முழம் காலியாக விடுங்கள். இடமில்லை என்றால் ஆசாரியைக் கூப்பிட்டு மேல்தட்டை உயர்த்தச் சொல்லுங்கள். மரம் கருகின வாசனை ஒரு தடவை வந்தாலும் அந்த இடத்தில் மறுபடி ஏற்றவே கூடாது.

## படபடவென்று வெடிக்கிறது, எண்ணெய் தெறிக்கிறது

இது ஏறக்குறைய எப்போதுமே ஈரம்தான். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

### வெள்ளிக்கிழமை மட்டும் வெடிக்கிறதா?

அப்படியென்றால் வியாழக்கிழமை விளக்கு தேய்த்த தண்ணீர். குத்துவிளக்கின் தட்டும் தண்டும் சேரும் திருகில், காமாட்சி விளக்கின் முகத்து மடிப்பில் தண்ணீர் ஒளிந்துகொள்ளும், துணியால் துடைத்தாலும் போகாது. பாகங்களைக் கழற்றி வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெயில் இல்லாத நாளில் ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வையுங்கள். அகல் புதிதாக இருந்தால் முதல் தடவை தண்ணீரில் ஊறவைப்பது நல்ல வழக்கம்தான், மண் எண்ணெய் குடிப்பது குறையும், ஆனால் ஊறவைத்த அன்றே ஏற்றாமல் முழுக்கக் காயவிடுங்கள்.

### எல்லா நாளும் வெடிக்கிறதா, எண்ணெய் செக்கு எண்ணெயா?

செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள், எண்ணெய் பிரிவதற்கும் கசப்பு தெரியாமல் இருப்பதற்கும். ஆட்டிய சூட்டோடு வாங்கி வந்த எண்ணெயில் அந்தக் கருப்பட்டியும் எள் பிண்ணாக்குத் தூளும் துளி ஈரமும் மிதந்துகொண்டே இருக்கும். சமையலில் தெரியாது. விளக்கில் ஈரம் வெடிக்கும், கருப்பட்டி திரி நுனியில் பாகு காய்ந்த மாதிரி இறுகிச் சுடரை அமுக்கும். "சுத்தமான செக்கு எண்ணெய்தானே, எப்படி மோசமா எரியும்?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். எண்ணெய் நல்லதுதான், தெளியவில்லை.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள். காலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், அடியில் பழுப்பாக மண்டி தெரிந்தால் அதுதான். பாத்திரத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வைத்து, மேலாக உள்ளதை மட்டும் சாய்த்து எடுங்கள். அடியில் இருக்கும் இரண்டு விரல் எண்ணெயை விளக்குக்கு எடுக்காதீர்கள்.

### நெய் விளக்கு வெடிக்கிறதா?

வெண்ணெய் சரியாகக் காயவில்லை. ஒரு கரண்டி நெய்யை அடுப்பில் காட்டுங்கள், சடசடப்பு கேட்டால் மோர் ஈரம் மிச்சம் இருக்கிறது. சடசடப்பு அடங்கி, கசண்டு பொன்னிறமாகி அடியில் படியும் வரை மறுபடி காய்ச்சி வடிகட்டுங்கள். அந்தக் கசண்டு திரியில் ஏறினாலும் கருகி அடைக்கும், அதனால் வடிகட்டுவதை விட்டுவிடாதீர்கள்.

மண்ணெண்ணெய் விளக்கில் படபடப்பு வந்தால் தொட்டியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. விளக்கை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, வெளியில் வைத்து முழுக்கக் கண்ணாடி ஜாடியில் ஊற்றுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். திரியை வெயிலில் காயவைத்துவிட்டு மேல் மண்ணெண்ணெயை மட்டும் திரும்ப ஊற்றுங்கள்.

## நன்றாக ஏறி, கொஞ்ச நேரத்தில் மங்கி அணைகிறது

### விளக்கில் எண்ணெய் பாதிக்குக் கீழா?

நல்லெண்ணெய் கெட்டியானது, திரியில் உயரமாக ஏறாது. ஒரே நூலில் இரண்டு துண்டு எடுத்து ஒன்றை நல்லெண்ணெயிலும் இன்னொன்றை மண்ணெண்ணெயிலும் நுனி மட்டும் தொட்டுத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். மண்ணெண்ணெய் சரசரவென்று மேலே போயிருக்கும், நல்லெண்ணெய் விரற்கடைக் கணக்கில் தயங்கி நிற்கும். அதனால்தான் நம் விளக்குகள் எல்லாம் சுடருக்குப் பக்கத்திலேயே எண்ணெய் நிற்கும்படி தட்டையாக இருக்கின்றன, அரிக்கேனுக்கு மட்டும் தொட்டி அடியில் இருக்கிறது. எண்ணெய் மட்டம் சுடருக்கு ஒரு விரற்கடைக்கு மேல் கீழே இறங்கினால் நல்லெண்ணெய் விளக்கு மங்கத் தொடங்கும். மெல்லிய திரி போட்ட ஒரு முகம் மணிக்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி குடிக்கும், அதைக் கணக்கு வைத்து முன்னாடியே ஊற்றுங்கள். தூண்டாமணி விளக்கில் எண்ணெய் தானாக இறங்குவது இந்தத் தொல்லைக்காகத்தான்.

மின்சாரம் போன ராத்திரி மண்ணெண்ணெய் கிடைக்காமல் அரிக்கேனில் நல்லெண்ணெய் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிடம் எரிந்து அணையும், அதன்பின் திரி பிசுபிசுத்து மண்ணெண்ணெய்க்கும் உதவாது. அந்தத் திரியைத் தூக்கிப்போட்டுப் புதிது மாற்றுங்கள்.

### எண்ணெய் நிறைய இருக்கிறது, ஆனாலும் மங்குகிறதா?

நுனியில் கரி மொட்டு கட்டியிருக்கும், தூண்டுகோலால் தட்டிவிட்டுத் திரியைத் துளி முன்னே தள்ளுங்கள். தட்டியும் சுடர் எழவில்லை என்றால் திரி பழசு. ஒரே திரியை வாரக்கணக்கில் வைத்து மேலே மேலே எண்ணெய் ஊற்றுவதால் அது பிசினாகி அடைத்துக்கொள்கிறது. நான் தினமும் மாற்றச் சொல்வேன், முடியாதவர்கள் இரண்டு நாளுக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். மிஞ்சிய பழைய எண்ணெயில் புதியது ஊற்றாமல் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். கயிறு மாதிரி இறுக்கி முறுக்கிய திரியும் எண்ணெய் இழுக்காது, உள்ளங்கையில் இரண்டு உருட்டு உருட்டினால் போதும்.

### மார்கழியில் நெய் விளக்கு மட்டும் அணைகிறதா?

நெய் உறைந்துவிட்டது. சுடரைச் சுற்றி ஒரு சின்னக் குழி மட்டும் உருகி, அது தீர்ந்ததும் திரி உறைந்த நெய்யின் நடுவில் வறண்டு நிற்கும். நீளத் திரியை விட்டுவிட்டு, அடி அகலமாக நுனி நிற்கும் பூத்திரி போடுங்கள். அதை உருக்கிய நெய்யில் முழுக்க முக்கி எடுத்து, சின்ன அகலில் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் உருகிய நெய்யையே ஊற்றுங்கள். சுடர் நடுவில் இருப்பதால் நாலு பக்கமும் சூடு போய் நெய் உருகிக்கொண்டே இருக்கும். பெரிய குத்துவிளக்கு முகத்தில் குளிர்காலத்தில் நெய் ஏற்றுவது சிரமம்தான், அதில் நல்லெண்ணெய் ஏற்றிவிட்டு நெய்க்குத் தனி அகல் வைப்பதே நல்லது.

பாட்டில் தீப எண்ணெய் குளிரில் வெள்ளையாகத் திரண்டால் அதில் பாமாயில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கெட்டுப்போகவில்லை, வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும்.

## அரிக்கேன் கண்ணாடி கறுக்கிறது

திரியை ஏற்றியவுடன் உயர்த்திவிடுவது முதல் காரணம். தாழ்வாகவே கொளுத்தி, கண்ணாடியை இறக்கி, மூன்று நான்கு நிமிடம் சூடேறவிட்டு அப்புறம் மெல்ல உயர்த்துங்கள். சுடர் மஞ்சளாக விளிம்பு சுத்தமாக நிற்கும் இடத்தோடு நிறுத்துங்கள்.

அப்படியும் ஒரு பக்கம் மட்டும் கறுக்கிறது என்றால் நாடாத்திரி சாய்வாக வெட்டுப்பட்டிருக்கிறது. சுடரைப் பார்த்தாலே தெரியும், ஒரு பக்கம் கொம்பு மாதிரி எழும்பும். திரியை பர்னர் வாயோடு வாயாக உயர்த்தி நேராக வெட்டி, இரண்டு மூலையையும் நூலளவு மட்டும் கத்தரித்துவிடுங்கள்.

சுற்றிலும் கறுக்கிறது என்றால் பர்னர் அடியில் உள்ள பொடி ஓட்டைகள் அடைந்திருக்கும், செத்த பூச்சி, தூசு, கரி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து ஊசியால் குத்திவிடுங்கள். கண்ணாடி அதன் வளையத்தில் சரியாக உட்காராமல் இடைவெளி இருந்தாலும் காற்று தாறுமாறாக நுழைந்து கரி படியும். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான், ஒட்டவைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

## இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்

திறந்த அகலில், காமாட்சி விளக்கில், குத்துவிளக்கில் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது, நல்லெண்ணெயில் "சட்டுனு பத்தட்டும்" என்று துளி கலப்பதும் கூடாது. மண்ணெண்ணெயின் ஆவி 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே தீப்பற்றும். எரிகிற விளக்கின் உலோகம் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். நல்லெண்ணெய்க்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால்தான் அது திரி நுனியில் மட்டும் எரிகிறது, மண்ணெண்ணெய் மொத்தமாகக் கொழுந்துவிடுகிறது. சட்டென்று பற்றவேண்டுமென்றால் திரி நுனியில் ஒரு சிட்டிகை கற்பூரத்தூள் வையுங்கள்.

பாட்டிலில் துணி செருகிய மண்ணெண்ணெய் விளக்கு வீட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள். கவிழ்ந்தால் எண்ணெய் கொட்டித் தீ பரவுவதுதான் அதன் ஆபத்து. இலங்கையில் தீக்காய நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து விஜய கொடகும்புர என்ற அறுவை மருத்துவர் 1992-இல், குட்டையாக, கனமாக, இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடி போட்ட ஒரு பாட்டில் விளக்கை வடிவமைத்தார். அது கவிழ்ந்தாலும் உருளாது, மூடி கழன்று எண்ணெய் கொட்டாது. மண்ணெண்ணெய்தான் வேண்டுமென்றால் விளக்கில் இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்: குட்டை, கனம், திருகு மூடி.

அகலில் எண்ணெய்ப் பரப்பு முழுக்கத் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து மூடி ஆறும் வரை திறக்காதீர்கள். திரைச்சீலைக்கோ மரத்துக்கோ தாவிவிட்டால் வீட்டிலிருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு 101. குழந்தை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. நேரே 108.

அரிக்கேன் தொட்டி கசிந்தால் வீட்டிலேயே ஈயம் வைத்து ஓட்டையை அடைக்கப் பார்க்காதீர்கள், காலியான தொட்டியில் நிற்கும் ஆவியே வெடிக்கும். பெட்ரோமாக்ஸில் காற்று நிற்கவில்லை, வலைக்கு மேல் தீ எழும்புகிறது என்றாலும் அப்படியே விளக்கு ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.

பித்தளைக் குத்துவிளக்கில் தட்டுக்கு அடியில் காலையில் எண்ணெய் வட்டம் தெரிந்தால், முதலில் திருகைக் கழற்றித் துடைத்து இறுக்கிப் பாருங்கள். மறுநாளும் வட்டம் வந்தால் வார்ப்பில் ஊசித்துளை இருக்கும். மெழுகும் எம்சீலும் சூட்டில் இளகிவிடும், பாத்திரம் பற்றவைக்கிறவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது துளை இருக்கும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்த பிறகு அது கண்ணுக்கே தெரியாது.